காய்ந்த பல்லின் நிறம்

செயற்கைப் பல் செய்யும் அந்த லேபில் அவளுக்குப் பெயர் 'முன்பல் அக்கா'. கடைவாய்ப் பற்களை மற்றவர்கள் செய்துவிடுவார்கள். சிரித்தால் தெரிகிற பல் என்றால் நேராக அவள் மேசைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாகப் பீங்கான் தூளைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சூளையில் சுட்டு எடுக்கிறாள். ஊர்ப்பட்ட பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவள், அதில் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. கிளினிக்கிலிருந்து அச்சு வரும், நிறத்தின் எண் எழுதிய சீட்டு வரும், அவ்வளவுதான். பேருந்தில் யாராவது கொட்டாவி விட்டால், தெரிகிற பல்லின் நிற எண்ணை "ஏ-3" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். "என் மூஞ்சியப் பாத்துப் பேசு, பல்லப் பாத்துப் பேசாத" என்று கணவர் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரே பல் இரண்டு முறை திரும்பி வந்தது.

மேல்வரிசை நடுப்பல். முதல் சீட்டில் ஏ-1 என்று இருந்தது; நல்ல வெளிர் நிறம். அச்சுப் பிசகாமல் செய்தாள். 'ரொம்ப வெளுப்பு' என்று வந்தது. டாக்டர் ஏ-2 என்று மாற்றி எழுதி, முதல் நாள் எடுத்த புகைப்படத்தையும் அனுப்பினார். படத்தில் பக்கத்துப் பற்கள் நுனிவரை சுண்ணாம்புபோல இருந்தன. அவளும் நுனிவரை ஒளி புகாமல் செய்தாள். 'நிறம் பரவாயில்லை, ஆனால் பல்லில் உயிரில்லை' என்று மறுபடியும் வந்தது. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனை எடுத்தாள்.

"நீங்க எழுதினதத்தான டாக்டர் செஞ்சேன்?"

"கோவப்படாதீங்கக்கா. அவங்க காது கேக்காத பிள்ளைங்களுக்கு டீச்சர். பிள்ளைங்க உதட்டப் பாத்துத்தான் பாடம் புரிஞ்சிக்குதுங்க. முதல்ல செஞ்ச பல்லத் தற்காலிகமா ஒட்டி அனுப்பினப்போ, ஒரு பொண்ணு டீச்சர வரைஞ்சு, பல்லுக்கெல்லாம் லேசா மஞ்சள் தீட்டி, அந்த ஒரு பல்ல மட்டும் வெள்ளையா விட்டுட்டாளாம். அதுலேருந்து இவங்க கையால வாயப் பொத்திக்கிட்டே பேசறாங்க. பிள்ளைங்களுக்குப் பாடமே புரியலையாம்."

கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சீட்டையும் புகைப்படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நிறம் எப்ப பாத்தீங்க டாக்டர்?"

"பல்ல அரைச்சு முடிச்சு, அச்சு எடுக்கறதுக்கு முன்னாடி."

"அதுவரைக்கும் எவ்வளவு நேரம் வாயத் திறந்திருந்தாங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"எந்த வெளிச்சத்துல?"

"நாற்காலி விளக்குதான்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பல்லு காஞ்சா வெளுத்துரும் டாக்டர். நுனியில இருக்கற கண்ணாடித்தன்மையும் மறைஞ்சுரும். காஞ்ச பல்லப் பாத்து நீங்க எழுதினீங்க, அதையே நான் செஞ்சேன். ஒரு வார்த்தை கேக்காம விட்டது என் தப்பு."

"பாக்கும்போதே எனக்குத் தோணியிருக்கணும்க்கா" என்றார் டாக்டர், மெதுவாக.

மறுநாள் காலை பத்து மணிக்கு, முதன்முறையாக அவளே கிளினிக்குக்குப் போனாள். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வணக்கம் சொல்லும்போதே இடது கை வாய்க்குப் போயிற்று. உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொன்னாள். கண்ணை ஏமாற்றிவிடக் கூடாதென்று, பளீரென்ற சிவப்புச் சட்டையைச் சாம்பல் நிறத் துணியால் மூடினாள். நாற்காலி விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னாள்.

"வேற எதுவும் செய்யறதுக்கு முன்னாடி இத முடிச்சுரணும்" என்றாள்.

பல் நிறங்களுக்கு எண் போட்ட மாதிரிப் பட்டையை நனைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்தாள். ஐந்து விநாடி பார்ப்பாள். உடனே சாம்பல் துணியைப் பார்த்துக் கண்ணை ஆற்றுவாள். கண்ணை இடுக்கி முதலில் பல் எவ்வளவு வெளிர், எவ்வளவு மங்கல் என்று பார்த்தாள், அப்புறம்தான் நிறம். ஈறோரம் ஏ-3, நடுவில் ஏ-2. நுனியிலோ வாயின் இருட்டு ஊடுருவி லேசான நீலச்சாம்பல் தெரிந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. இது எந்த எண்ணிலும் அடங்காது. தாளில் பல்லைப் பெரிதாக வரைந்து, பகுதி பகுதியாகக் குறித்தாள். பட்டையின் எண் தெரிகிற மாதிரி டாக்டர் படம் எடுத்தார்.

"இதுவும் சரியா வரலைன்னா?" என்றார் டீச்சர், கைக்குப் பின்னாலிருந்து.

"இன்னொண்ணு செய்வேன்" என்றாள். தைரியமாகச் சொல்லிவிட்டு, பட்டையை எடுத்து இன்னொரு முறை ஒட்டிப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து, அதே ஜன்னல், அதே வெளிச்சம். டாக்டர் பல்லைப் பொருத்திவிட்டு ஒதுங்கினார். டீச்சர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முன்பல் அக்கா பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச்சாம்பல் இருக்கிறது, வெள்ளைக் கோடு இருக்கிறது.

டீச்சர் கண்ணாடியை மடியில் வைத்தார். இரண்டு கையும் அதன்மேலேயே இருந்தன. வகுப்பில் பேசுவதுபோல, சத்தமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து ஏதோ சொன்னார்.

முன்பல் அக்கா பல்லை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தாள். 'நா-ளை-க்-கு ப-ள்-ளி-க்-கு வா-ங்-க' என்பது அவளுக்கே புரிந்தது.