வெள்ளை உறை போட்ட காரும் நாலு கிண்ண டப்பாவும்

அறுபதுகளில் நாங்கள் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். என் கணவரின் ஆபீசரைப் பூனாவுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் குடும்பத்தோடு ரயிலில் போய்விட்டார். கார் மட்டும் பம்பாயில் நின்றது. "நீதான் லைசென்ஸ் வாங்கிட்டியே, ஓட்டிண்டு வந்துடேன். குழந்தைகளுக்கும் ஒரு அவுட்டிங்" என்று சொல்லிவிட்டாராம். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

காரைப் போய்ப் பார்த்தேன். சீட் முழுக்க வெள்ளை வெளேரென்று உறை. எங்களுக்கோ ஐந்து வயதில் ஒரு பையன், மூன்று வயதில் ஒரு பெண். பையனுக்கு பஸ் என்றாலே குமட்டும். அதற்கு முந்தைய வாரம்தான் சயானுக்குப் போகும் பஸ்ஸில், லட்டு தின்ற கையோடு, முன் சீட்டுக்காரர் முதுகில் வாந்தி எடுத்திருந்தான். அதிலிருந்து அவனுக்கே பயம். "அம்மா, கார்லயும் எனக்கு வந்துடுமா?" என்று தினம் கேட்டான். வராது என்று தினம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

வெறும் வயிறாக வைத்தாலும் குமட்டும், நிறையக் கொடுத்தாலும் குமட்டும், தித்திப்பாகக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். மூன்று நாள் இதே யோசனை. முறுக்கு உதிரும். மிளகாய்ப்பொடி இட்லியின் எண்ணெய் வெள்ளைத் துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. தயிர்சாதம் என்றால் அம்பாரம் அம்பாரமாகப் பருக்கை. பொரி காற்றில் பறக்கும். வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கையில் ஒட்டாதுதான். ஆனால் குலுங்கும் காரில் மூன்று வயசுக் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் தொண்டையில் போய் உட்கார்ந்துவிடும்.

கடைசியில் முடிவுக்கு வந்தேன். குட்டி இட்லியில் எண்ணெய் தடவாமல், ஒவ்வொன்றையும் நாலாக வெட்டியது. உப்பும் சீரகமும் போட்ட மெல்லிய சப்பாத்தி, விரல் நீளத்துக்குச் சுருட்டியது. வெள்ளரிக்காய், விதையை வழித்துவிட்டு நீளநீளமாக அரிந்தது. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு, மேலே ஒரு கிள்ளு உப்பு. அரை மணிக்கு ஒரு வாய், அதற்கு மேல் இல்லை. கை துடைக்க ஈரத்துணியைப் பிழிந்து சோப்பு டப்பாவுக்குள் வைத்தேன்.

எதிர் வீட்டு குஜராத்தி அம்மாள் முதல்நாள் சாயங்காலம், பிரயாணத்துக்கு என்று மோகன்தால் கொடுத்தனுப்பியிருந்தாள். கடலைமாவு, நெய், சர்க்கரை. தொட்டால் விரலில் நெய் வழியும், கடித்தால் பொலபொலவென்று உதிரும். அதை எங்கள் தகர டப்பாவுக்கு மாற்றி மூடினேன், ஆபீசர் வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று. அவளுடைய டப்பா தட்டையாக, உள்ளே நாலு கிண்ணங்களோடு, இறுக்கமான மூடியோடு இருந்தது. எனக்காகவே செய்தது போல. திரும்பி வந்து கொடுத்தால் போயிற்று என்று என் நாலு தீனியையும் அதில் அடுக்கி மேஜைமேல் வைத்தேன்.

காலையில் கிளம்பி, தானே, மும்ப்ரா வழியாகப் பன்வேலை நெருங்கும்போது பையன் பசி என்றான். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "இதோ" என்று பையைத் திறந்தேன். தின்ன என்று தகர டப்பா மட்டும் இருந்தது. உள்ளே மோகன்தால்.

"ஏன்னா, நாலு கிண்ண டப்பா எங்கே?"

"எதிர்வீட்டு டப்பாதானே? கிளம்பறச்சே குடுத்துட்டேனே."

"குடுத்துட்டேளா? அதுல குழந்தைகள் சாப்பாடு இருந்தது."

"நெறைய இருக்கேன்னு பாத்தேன்" என்றார் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வந்த டப்பாவைக் காலியாத் திருப்பிக் குடுக்கப்படாதுன்னு நீதானே ஆயிரம் தரம் சொல்லியிருக்கே. அதுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றைக்கூட அவர் காதில் வாங்கியதில்லை. இதை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எதிரே மலை தெரிந்தது. கோபோலியைத் தாண்டினால் காட் ரோடு என்கிற மலைப்பாதை, வளைவுமேல் வளைவு.

"அம்மா, அது ஒண்ணு குடேன்" என்றான் பையன், டப்பாவைப் பார்த்து. பெண்ணும் கையை நீட்டினாள்.

"மூச்" என்றேன். "இதைத் தொடவே கூடாது."

பன்வேலில் காரை நிறுத்தச் சொன்னேன். சாலையோரத்தில் ஒரு மராத்திக்காரி கூடையில் வெள்ளரிக்காய் வைத்திருந்தாள். பக்கத்து இரானி டீக்கடையில் காலையில் சுட்ட பாவ் ரொட்டி. ஒரு சீப்புச் சின்ன வாழைப்பழம். இவ்வளவுதான் கிடைத்தது. கடைக்காரரிடம் கத்தி கேட்டு வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் வெள்ளரிக்காயைக் கழுவித் தோல் சீவினேன். பாவின் மேல்தோல் உதிரும் என்று உரித்துவிட்டு, உள்ளே மெத்தென்றிருந்ததை மட்டும் துண்டு துண்டாகப் பிய்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். வாழைப்பழத்தைக் காருக்கு வெளியே நிற்க வைத்தே ஆளுக்குப் பாதி கொடுத்து, வாயைத் துடைத்து உள்ளே ஏற்றினேன்.

மலைப்பாதையில் ஏறும்போது பையனை முன் சீட்டில் என் மடியில் உட்கார்த்திக்கொண்டேன். பெண் பின்னால் தூங்கிவிட்டாள். "நேரா ரோட்டைப் பாருடா, பக்கத்துல பாக்காதே" என்று சொல்லிக்கொண்டே, வளைவு திரும்பாத இடமாகப் பார்த்து ஒரு துண்டு பாவ், ஒரு துண்டு வெள்ளரிக்காய். அவன் மென்று விழுங்கும் வரை என் தொண்டையும் கூடவே விழுங்கியது. நடுவில் ஒருமுறை அவன் உதடு நடுங்கியது. என் புடவைத் தலைப்பை விரித்து அவன் மோவாய்க்குக் கீழே பிடித்தேன். "சீட்டு அழுக்காகாதும்மா, நான் பிடிச்சுப்பேன்" என்றான். வரவில்லை. ஏற்றம் முடிந்து கண்டாலா வந்ததும் குளிர்ந்த காற்று வீசியது. அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பூனாவில் ஆபீசர் வீட்டு வாசலில் கார் நின்றபோது சீட்டில் ஒரு புள்ளி இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தூங்கும் பெண்ணை என் கணவர் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆபீசர் மனைவி ஓடிவந்தார். தகர டப்பாவை நீட்டினேன். அவர் அங்கேயே திறந்து, தன் நாலு வயசுப் பையனுக்கு இரண்டு வில்லை எடுத்துக் கொடுத்தார். அவன் நேரே காருக்குள் ஏறி, பின் சீட்டில் மண்டிபோட்டு, இரண்டையும் தின்று, இரண்டு கையையும் வெள்ளை உறையில் அழுத்தித் துடைத்தான்.

நான் பதறிப்போய் ஈரத்துணியை எடுத்தேன்.

"விடுங்கோ மாமி. இந்தக் கூத்துக்குத்தானே உறையே போட்டிருக்கு? கழட்டித் தோய்ச்சாப் போச்சு" என்றார் அந்த அம்மாள். "உங்க கொழந்தைக்கும் குடுங்கோ."

என் பையன் கையில் ஒன்றை வைத்தார். அவன் அதை வாயில் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு காரை விட்டுத் தள்ளி, வாசல் ஓரத்து மண்தரைக்குப் போய் நின்றான்.

"இங்க நின்னா சாப்பிடலாமாம்மா?"

தலையை ஆட்டினேன். அவன் இடது கையைக் குவித்து மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு, கொறித்துக் கொறித்துத் தின்றான். உதிர்ந்த தூளையும் உள்ளங்கையிலிருந்து நக்கினான். கீழே ஒன்றும் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆபீசர் மனைவி, பிரயாணக் களைப்பு என்று நினைத்து, என்னைக் காபி சாப்பிட உள்ளே கூப்பிட்டார்.