சாவியோடு வந்த வாசி

ராயபுரம் மாலைநேரக் கணினி வகுப்பில் நான்தான் மூத்தவள். ஒரே எழுத்துகள் இடம் மாறி வரும் சொற்களை ஒன்றுசேர்க்கும் புரோகிராமை எழுதினால்தான் அடுத்த வகுப்புக்குப் போக முடியும். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் வரிசைப்படுத்தி, ஒரே வரிசை வருபவற்றை ஒரு குழுவில் போட்டேன். 'சாவி'யும் 'விசா'வும் சேர்ந்தன. கூடவே 'வாசி'யும் வந்து நின்றது.

"இன்னாக்கா, வாசிக்கு இங்க இன்னா வேலை?" என்று பக்கத்துப் பெண் சிரித்தாள்.

புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். பிறகுதான் புரிந்தது: கணினி 'சா'வை 'ச' தனி, கால் தனி என்றும், 'வி'யை 'வ' தனி, மேல்விலங்கு தனி என்றும் உடைத்து அடுக்கியிருந்தது. 'வாசி'யிலும் அதே துண்டுகள்தான். 'சா', 'வி' என்று முழு எழுத்தாகவே எடுத்து அடுக்கும்படி மாற்றினேன். வாசி தனியே போய்விட்டது.

"மேடம், வந்து பாக்குறீங்களா?"

வகுப்பில் நானாக வாய் திறந்தது அதுவே முதல் தடவை. ஆசிரியை வந்து பார்த்தார், அடுத்த வகுப்புப் பட்டியலில் என் பெயரை எழுதினார்.