மினிபாரில் பலாச்சுளை

கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலின் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். யாராவது அறையைக் காலி செய்தால் ரூம்பாய் அண்ணன் அறையிலிருக்கும் குட்டி ஃபிரிட்ஜான மினிபாரைத் திறந்து பார்த்து, குறைந்திருப்பதைப் போனில் சொல்வார். விலைப்பட்டியலைப் பார்த்து நான் பில்லில் ஏற்றுவேன்.

அன்றைக்கு ஒரு பெரியவர் அறையைக் காலி செய்தபோது அண்ணன், "உள்ள ஒரு டப்பாதான் இருக்குது. நம்ம சரக்கு ஒண்ணுகூட இல்லம்மா" என்றார். குளிர்பானம், சாக்லேட், முந்திரி என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். பில்லைப் பார்த்த பெரியவர் எகிறினார்.

"இன்னாம்மா இது? நான் எதையும் தொடல. வெள்ளிமலையில பலாப்பழம் வாங்கினேன். சுளைய வைக்க எடம் வேணாமா? உங்க சாமான அலமாரியில வச்சிருக்கேன், போய்ப் பாருங்க!"

பார்த்தால் எல்லாம் சீல்கூட உடையாமல் துணி அலமாரியில் வரிசையாக நிற்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஏற்றியதையெல்லாம் நீக்கி, புது பில் போட்டேன். பெரியவர் சமாதானமாகி, "டப்பாவ நீங்களே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனோ கடுப்பில் டப்பாவை எடுக்காமல், அதன் முன்பக்கம் பாட்டில்களை அடுக்கிவிட்டார்.

மறுநாள் அதே அறையில் தங்கியவர் என்னிடம் வந்து, "மினிபார்ல இருந்த பலாச்சுளைய சாப்ட்டேங்க. பட்டியல்ல வெல இல்லையே, எவ்ளோ?" என்றார்.

நான் அசராமல், "அது ஓட்டல் உபசாரங்க, இலவசம்" என்றேன்.

"அப்டியா? அப்போ இன்னொரு டப்பா அனுப்புங்க."