கால்குலேட்டரை வைத்துச் சண்டை படித்தவள்

திருப்பரங்குன்றம் ரயில் நிலையச் சாலையில் எஸ்.டி.டி. பூத் என்று மஞ்சள் போர்டு மாட்டிய முதல் ஆள் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இந்தக் கடையில் எவன் காசும் கிடையாது, எவன் யோசனையும் கிடையாது. ஆள் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்சியவர் இந்தச் சாலையில் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் தமிழ்ச்செல்வியைப் பார்க்கலாம்.

கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பம். பிளஸ் டூ முடித்ததும் என் பூத்துக்கு வந்தாள். வாடிக்கையாளர் நம்பரைச் சொல்லி முடிக்குமுன் அவள் விரல் அழுத்தி முடித்திருக்கும். போனைப் பார்க்கவே மாட்டாள்.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. பூத் காற்று வாங்கியது. தலையில் கைவைத்து உட்காருகிற ஜாதியா நான்? தடுப்பை இடித்து டி.வி.க்களை வைத்து வீடியோ கேம் போட்டேன். பையன்கள் சண்டை கேமுக்கு அலைமோதினார்கள். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு வெறும் குத்துதான் வரும். நெருப்பு வீசுவது, எகிறிக் குத்துவது எல்லாம் திசைப் பட்டனைச் சரியான வரிசையில் தொட்டால்தான் வரும். அது வராமல் அரைமணியில் எழுந்து போய்விடுவார்கள். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

கடையிலேயே கெட்டிக்காரன் ராஜகுரு, கல்லூரி மாணவன். பிரவுசிங் சென்டரில் அடிகளின் பட்டியலை அச்செடுத்து எனக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தான். அவனையே வைத்துக்கொள்ள நினைத்தேன். தமிழ்ச்செல்வியிடம் நேராகச் சொன்னேன், மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று.

"அந்தத் தாளைக் குடுங்கய்யா," என்றாள். "ஞாயித்துக்கெழம அவரோட ஆடுறேன். தோத்தா நானே போறேன்."

தாளில் படம் இல்லை. 236P, 623P என்று எண்கள்தான். P குத்து, K உதை என்பது அவளுக்கு உடனே பிடிபட்டது. எண் என்றால் திசை, நடுவில் இருக்கும் 5 என்றால் திசையைத் தொடாமல் விடுவது என்று ராஜகுருவே சொன்னான். 6 என்று வலதுபக்கம் அழுத்தினாள், திரையில் ஆள் முன்னால் போனான். 4 என்று இடதுபக்கம் அழுத்தினாள், பின்னால் வந்தான். சரிதான். ஆனால் 236 போட்டால் ஒவ்வொரு தடவையும் ஆள் எகிறிக் குதித்தான்; நெருப்பு வரவில்லை.

"அக்கா, டிரங்கால் போடுறீங்களா? லைன் கெடைக்கலையா?" என்றான் ராஜகுரு.

"கெடைக்கும். நீங்க வெயிட் பண்ணுங்க."

மறுநாள் மதியம் கால்குலேட்டரில் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். போனை இழுத்துக் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில் 1, 2, 3 மேல் வரிசை. கால்குலேட்டரில் அதுவே கீழ் வரிசை. 7, 8, 9 மேலே. நடு வரிசை இரண்டிலும் ஒன்று. அதனால்தான் 4-ம் 6-ம் பொய் சொல்லாமல் அவளை ஏமாற்றியிருந்தன. இதுவரை போன் பழக்கத்தில் 2 என்றால் மேலே என்று அழுத்தியிருக்கிறாள்.

கால்குலேட்டர்படி 2 கீழே, 3 கீழ் முன் மூலை, 6 முன்னால். கட்டைவிரலைத் தூக்காமல் கால் வட்டமாக உருட்டி, முடிவில் குத்து. நெருப்பு போனது. அவள் சிரிக்கவில்லை, திரும்ப உருட்டினாள். கட்டைவிரல் கொப்புளித்த பின்னும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பியது. வழக்கம்போல ராஜகுரு முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டான். இவளுக்கு இரண்டாவது, அதனால் இவளுடைய ஆள் திரையின் வலதுபக்கம் நின்று இடதுபக்கம் பார்த்தான். பழகியதெல்லாம் இடது ஓரத்திலிருந்து. 236 உருட்டினாள். ஆள் பின்வாங்கி வெறும் குத்து விட்டான். முதல் சுற்று போயிற்று.

"மாப்ள, அக்காவுக்கு பஸ் நேரமாச்சுடா," என்று எவனோ சொன்னான்.

அவள் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு கால்குலேட்டரைப் பார்த்தாள். "அய்யா, 6-ன்னா வலது இல்ல," என்றாள் மெதுவாக. "எதிராளி இருக்க பக்கம். தாள எழுதுனவன் நம்மாளு இடது ஓரத்துல நிக்கிறதா வச்சு எழுதியிருக்கான்."

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றேன்.

இரண்டாம் சுற்றில் கீழிருந்து இடதுபக்கம் உருட்டினாள். நெருப்பு அவன் முகத்தில் போய் விழுந்தது. மறுபடி, மறுபடி. அந்தச் சுற்று அவளுக்கு. கடைசிச் சுற்றில் நெருப்புக்குப் பயந்து ராஜகுரு மேலே குதித்து வந்தான். அதற்குத்தான் காத்திருந்தாள். 623: முன்னால், கீழே, கீழ் முன் மூலை, குத்து. அவளுக்கு முன்னால் என்பது இப்போது இடது. அவளுடைய ஆள் எகிறி எழும்பி, வருகிறவனை வானத்திலேயே அடித்துப் போட்டான்.

ராஜகுரு ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "தாள் குடுத்தது நான்தான்க்கா, மறந்துறாதீங்க," என்றான்.

"மறக்கல. உக்காருங்க, இன்னொண்ணு ஆடலாம்."

நான் எடுத்த ஆள் சோடை போகுமா? இன்றைக்கும் டி.வி.க்குக் கீழே அந்தக் கால்குலேட்டரை ஒட்டி வைத்திருக்கிறாள். புதிதாக எவன் வந்தாலும் முதல் பாடம் அதுதான்: "தம்பி, போன மறந்துட்டு இதப் பாரு. 2 எங்க இருக்கு?"

கணக்குக் கூட்ட நான்தான் வேறொன்று வாங்கினேன்.