எல்லாரும் சேர்ந்து சொன்ன இடம்

எனக்கு அலுப்பு என்றால் கதைத்தவர்களால் அல்ல, கதைத்ததைக் கேட்பதால்தான். மன்னாரில் ஒரு சின்ன அபிவிருத்தி நிறுவனத்தில் கரையோரக் கிராமங்களின் கூட்டங்களைப் பதிவு செய்து, அவற்றுக்குச் சுருக்கம் எழுதுவது என் வேலை. காலையில் தாராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, தெருவில் திரியும் கழுதைகள் எங்கள் கந்தோர் வாசலை விட்டு விலகும்வரை நின்று, உள்ளே போய்க் காதில் ஹெட்போனை மாட்டினால், பின்னேரம் கழற்றும்போது சொந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் எரிச்சல் வரும். அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான் கந்தோருக்கு அந்தக் கணினிச் செயலி வந்தது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் செயலி. நான் சந்தோசப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது எழுதுவதோடு நிற்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி போடும். இந்தச் சொல்லை நான் எவ்வளவு நிச்சயமாகக் கேட்டேன் என்று தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் புள்ளி அது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் வரும். நிச்சயமான சொற்கள் திரையில் கறுப்பாகத் தெரியும். சந்தேகமானவை மங்கலாகி, மிக மோசமானவை ஆட்டுப்பால் தேத்தண்ணி நிறத்துக்குப் போய்விடும். எங்கள் பணிப்பாளர் ஒரு விதி வைத்தார். ஒரு பந்தியின் சொற்களுடைய சராசரிப் புள்ளி எண்பது வீதத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பந்தி சுருக்கத்துக்குப் போகும். கீழே இருந்தால் போகாது. சுருக்கத்தையும் கணினியே எழுதும், நான் சரி பார்ப்பேன்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. முன்பொருமுறை ஓர் ஊழியர் நினைவிலிருந்து சுருக்கம் எழுதி, ஊருக்குள் சண்டை வந்து, பணிப்பாளர்தான் போய்ச் சமாதானம் பேசினார். அன்றிலிருந்து, "ஞாபகம் ஆதாரமில்லை தங்கச்சி. பதிவு மட்டுந்தான் ஆதாரம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சராசரியை நம்பவேண்டாம் என்று மட்டும் நான் சண்டை பிடித்தேன். நீளமான பந்தியில் ஓர் 'இல்லை' மங்கலாக இருந்தால், மற்றச் சொற்களின் நல்ல புள்ளிகளுக்குள் அது ஒளிந்துகொள்ளும், சராசரி அழகாக நிற்கும், பொருளோ தலைகீழாகும். ஆகவே எண், பெயர், மறுப்புச் சொல் ஆகியவற்றின் புள்ளியைத் தனித்தனியே பார்ப்பது என்று முடிவானது. அது பெரிய வெற்றி என்று நினைத்து நான் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. தலைமன்னார்ப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம், கத்தோலிக்க மீனவர்கள். கரையில் மீன் வைக்க ஐஸ் அறை கட்டுவது, அதைச் சுற்றி வேலி அடிப்பது பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டு, நாங்கள் திட்டக்குழுவுக்குச் சுருக்கம் அனுப்பவேண்டும். அந்த வேலி போகிற வழியில் ஒரு மணல் வெட்டை இருந்தது. அங்கேதான் ஊர்ப் பெண்கள் கருவாடு காயவைப்பார்கள். வேலி அடித்தால் வெட்டை உள்ளே போய்விடும்.

கோயிலடி மண்டபத்தில் கூட்டம். சோளகக் காத்து யன்னலைப் போட்டு அடித்தது. மேசையில் பதிவுக் கருவியை வைத்து அதன் பக்கத்தில் நான் இருந்தேன். முதலில் சம்மாட்டி எழும்பினார். ஊரில் அதிக வள்ளம் வைத்திருப்பவர், பாதிப் பேர் அவரிடம்தான் மீன் எடுக்கிறார்கள். வேலி உடனே வேண்டும், இல்லாவிட்டால் நாயும் கழுதையும் உள்ளே வரும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் மறுப்பு என்றால் நிலத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பிறகு கருவாடு போடும் ஓர் அக்கா, கணவனைக் கடலில் இழந்தவர், கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்:

"அந்த வெட்டையை அடைச்சா நாங்கள் எங்க காயப்போடுறது? அதுதானே எங்கட சீவியம்."

அவர் முடிப்பதற்குள் மண்டபமே கதைத்தது. ஓம், ஓம், அவ சொல்லுறது சரி, வெட்டையை விடுங்கோ, அடைக்கவேண்டாம். ஒருவர் சொன்னது உண்மை என்றால் அவரைத் தனியே விடக்கூடாது என்பதுபோல எல்லாரும் அவருடைய பேச்சுக்கு மேலேயே ஏறிப் பேசினார்கள். எனக்குத் தலையிடித்தது. ஆனாலும் ஊர் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கணினி எழுதிய சுருக்கத்தைத் திறந்தேன். 'கூட்டத்தில் பங்குபற்றியோர் வேலி விரைவாக அமைக்கப்படுவதை விரும்பினர்.' வெட்டை பற்றி ஒரு சொல் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் கந்தோர்க் கணினி ஒரு பின்னேரத்தில் மூடிவிட்டது.

கோபத்தோடு எழுத்தைத் திறந்து பார்த்தேன். சம்மாட்டியின் பந்தி முழுக்கக் கறுப்பு, ஒரு சொல்கூட மங்கவில்லை. அவர் பேசும்போது எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள் அல்லவா? அக்காவின் பந்தி முதல் இரண்டு சொல்லோடு மங்கத் தொடங்கி, அதன் பின் ஒரே தேத்தண்ணி நிறம். குரலுக்கு மேல் குரல் விழுந்தால் செயலி எதைப் பிடிப்பது என்று திணறும், இதுவா அதுவா என்று பிரியும், புள்ளி விழும். அக்காவின் பேச்சில் பொய்யும் இல்லை, குழப்பமும் இல்லை. இருந்தது குரல்களின் கூட்டம் மட்டுந்தான். ஊர் ஒத்துக்கொள்ளாத கதை தெளிவாக விழுந்தது, ஊரே ஒத்துக்கொண்ட கதை விதியில் அடிபட்டுப் போனது. இதை விளங்கிக்கொண்டபோது எனக்கு மேசையில் தலை வைத்துப் படுக்கவேண்டும்போல இருந்தது. இதுவரை எத்தனை ஊர்களில் இப்படி நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பணிப்பாளரிடம் போனேன்.

"சேர், இந்தச் சுருக்கம் பிழை. நான் அங்க இருந்தனான்."

"தங்கச்சி, உங்கட ஞாபகத்தை நான் குழுவுக்கு அனுப்பேலாது."

"ஞாபகமில்லை சேர், பதிவில கிடக்கு."

"கிடக்கு, ஆனா மெஷினே நம்பேல்லையே. அதை நாங்கள் எப்பிடி நம்புறது?"

"அது தனக்குக் கேக்கேல்லை எண்டுதான் சொல்லுது. அவை சொல்லேல்லை எண்டு சொல்லேல்லை."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். பிறகு ஒரு வழி சொன்னார். அந்த அக்காவைத் தனியே, காத்துப் படாத இடத்தில் வைத்துக் கதைக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வரவேண்டும். தெளிவாக விழுந்தால் சேர்க்கலாம். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஊர்ப் பாதரிடம் கேட்டேன், அவர் கோயில் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். யன்னலைச் சாத்தினேன். அக்கா கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். கருவாட்டு மணம் அறை முழுக்கப் பரவியது. கருவியை முன்னால் வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"சொல்லுங்கோ அக்கா. அண்டைக்குச் சொன்னதைத்தான்."

அவர் கதவைப் பார்த்தார். வெளியே யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. அவர் மீன் எடுப்பதும் சம்மாட்டியின் வள்ளத்திலிருந்துதான்.

"எல்லாரும் என்ன சொல்லினமோ அதுதான் மிஸ் என்ர சொல்லும். நான் தனிய என்னத்தைச் சொல்லுறது."

"வெட்டையைப் பற்றி அக்கா..."

"அதுதான் சொன்னனே மிஸ். எல்லாரும் சொன்னதுதான்."

வேறு ஒன்றும் வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. மன்னார்ப் பாலத்துக்கிப்பால், இந்தத் தீவில், ஒரு மனுசி தனியே நின்று என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

கந்தோரில் அந்தப் பதிவைச் செயலிக்குள் போட்டேன். முழுக்கக் கறுப்பு. ஒவ்வொரு சொல்லும் தொண்ணூறைத் தாண்டியது. பணிப்பாளர் திரையைப் பார்த்து, சிரிப்பா அலுப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

"நல்ல தெளிவு," என்றார். "ஒண்டும் சொல்லாததை இவ்வளவு வடிவா எழுதியிருக்கு."

அதன்பிறகு அவர் ஒரு வேலை செய்தார், அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இன்னொரு ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டினார். மண்டபத்துப் பதிவின் அந்த மங்கலான பகுதியை இரண்டு பேரும் தனித்தனியே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், திரும்பத் திரும்பக் கேட்டோம். அவருக்கு நம்மூர்ப் பேச்சு பழக்கம், அதனால் செயலிக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபட்டது. இருந்தும் இடையிடையே "சீ, என்ன இரைச்சல்" என்று முணுமுணுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். என் ஒவ்வொரு நாளும் அதுதானே.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அக்காவின் வசனம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. 'வெட்டையை விடுங்கோ', 'அடைக்கவேண்டாம்' என்பவை பலமுறை, பல குரலில், இரண்டிலும் இருந்தன. ஒரு கிழவர் நீளமாக ஏதோ சொன்னது இரண்டு பேருக்கும் விளங்கவில்லை, அதை விட்டுவிட்டோம். ஒத்துப்போனதை மட்டும் எடுத்து, இது செயலி நம்பாத பகுதி, இரண்டு பேர் காதால் கேட்டு ஒத்துக்கொண்டது, பலர் ஒரே நேரத்தில் பேசியதால் தனித்தனிக் குரல் பிரிக்க முடியவில்லை, பதிவில் இந்த இடத்தில் நீங்களும் கேட்கலாம் என்று சுருக்கத்திலேயே எழுதினோம். சம்மாட்டி சொன்னதை, அவர் ஒருவர் சொன்னதாகவே எழுதினோம். விதியும் மாறியது. புள்ளி குறைந்த பந்தியைத் தூக்கி எறிவதில்லை, அது மனிதக் காதுக்கு வரவேண்டும். மனிதக் காது என்றால் என் காதுதான், வேறு யாருடையது?

குழு பதிவைக் கேட்டதா, சுருக்கத்தை மட்டும் வாசித்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து வந்த வரைபடத்தில் வேலி வெட்டைக்கு முன்னாலேயே திரும்பிப் போனது.

அதைக் காட்ட ஊருக்குப் போனபோது அக்கா வெட்டையில் மீனைப் பிளந்து பரப்பிக்கொண்டிருந்தார். வரைபடத்தை நிழல் விழாமல் பிடித்துக் காட்டினேன். விரலால் வேலிக் கோட்டைத் தொடர்ந்து போய், அது திரும்பும் இடத்தில் நிறுத்தினார். விரலிலிருந்த உப்பு தாளில் ஒட்டியது. பிறகு கேட்டார்.

"மிஸ், மெஷினுக்கு எங்கட சத்தம் கேக்கேல்லையாம் எண்டு பாதர் சொன்னவர். அடுத்தமுறை நாங்கள் ஒராள் ஒராளாக் கதைக்கோணுமோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் என் காது பிழைத்திருக்கும். அவரைத் தனியே இருத்திய அந்த அறையும், அவர் கதவைப் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன.

"வேண்டாம் அக்கா," என்றேன். "எல்லாரும் சேந்தே கதையுங்கோ. நான் கேக்கிறன்."