மில் வாசலில் வெள்ளையம்மாள்

பாலக்கரையில் வெள்ளையம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. புருஷன் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளை யார் தயவையும் தேடாமல் வளர்த்தவள். எடமலைப்பட்டி புதூர்ப் பக்கத்து நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலை. அவளுக்கிருந்த ஒரே ஆடம்பரம் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை. பஞ்சுத் தூசியில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பவள் அது இல்லாவிட்டால் தொண்டை அடைக்கிறது என்பாள். அதைக் குறை சொல்ல நமக்கென்ன வந்தது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மில்லுக்குப் புது மானேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு பீடித் துண்டால் பஞ்சுக் கிடங்கே எரிந்ததைக் கண்ணால் கண்டவர். சூடு கண்ட பூனை. மில் எல்லைக்குள்ளும் மில் லாரியிலும் பீடி, சுருட்டு, பொடி, வாயில் போடும் புகையிலை எதுவுமே கூடாது, மீறினால் வேலை போகும் என்று மில்லின் வேலை விதிகளான நிலையாணையில் சேர்க்க எழுதி, ஒப்புதல் சான்றுக்காகச் சர்க்கார் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் விஷயம் முறைப்படி நடந்திருக்கும். சான்று வருவதற்குள்ளாகவே வாசலில் சோதனையைத் தொடங்கிவிட்டார்.

ஆண்களுக்கு மடியைத் தடவிப் பார்த்தார்கள். பெண்களை வாயைத் திறக்கச் சொன்னார்கள்.

காவல்காரர் சின்னையா தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். வெள்ளையம்மாளோடு பஞ்சு பிரிக்கும் காளியாயி திறந்து காட்டிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்தது வெள்ளையம்மாள்.

"மணப்பாறைச் சந்தையில மாட்டுக்குத்தாங்க பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க. நான் மாடில்லை."

"எனக்கு மட்டும் ஆசையா தாயி? திறக்காட்டி உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் திறக்கவில்லை. திரும்பி நடந்தாள். மறுநாளும் வந்தாள், மறுநாளும் திரும்பினாள். வீட்டில் இரண்டு வயிறு காத்திருக்கும்போது அப்படித் திரும்புவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது திரும்பியவர்களுக்குத்தான் தெரியும்.

சங்கச் செயலாளர் அடைக்கலராஜிடம் போனாள். அவர் பீடிப் பிரியர்.

"அக்கா, பீடி குடிக்க ஒரு இடம் கேட்டு எழுதியிருக்கோம். பொம்பளைங்க போயிலையையும் சேத்தா கேஸ் பலமில்லாமப் போயிடும்."

"உங்க பீடிதான் தம்பி நெருப்பு. எங்க போயிலை எந்தக் கிடங்கைக் கொளுத்துச்சு?"

அடைக்கலராஜ் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த விதியைப் பத்தி அதிகாரி விசாரிக்க வர்றாரு. விசாரணைக்கு நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

மதராஸிலிருந்து வந்திருந்த தொழிலாளர் அதிகாரி கண்டோன்மென்ட் ஆபீஸில் விசாரணை வைத்தார். படபடப்பில் வெள்ளையம்மாள் வெளியே நின்றபடி ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டாள். கை பழகிய வேலை, யோசித்தா செய்யும்? அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மானேஜர் பேசிக்கொண்டிருந்தார். "தீ மட்டுமில்லை சார். சுவர் பூரா எச்சில். போயிலையை உள்ள விட்டா துப்பத்தான் செய்வாங்க." அதில் பொய்யில்லை.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் அதிகாரி.

வாயில் சாறு நிறைந்திருந்தது. சுற்றிப் பார்த்தாள். துப்ப மூலை இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஆட்கள். கண்ணை மூடி, அத்தனையையும் விழுங்கினாள். தலை கிறுகிறுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இப்ப என் வாயில போயிலை இருந்துச்சு. உங்க ஆபீஸ்ல துப்ப இடமில்லை. முழுங்கிட்டேன். மில்லுலயும் துப்ப ஒரு தொட்டி இல்லை. தொட்டி வைங்க, சுவத்துல துப்புனா தண்டிங்க. பீடியை உள்ள விடாதீங்க, பஞ்சுல பொழைக்கிறவ சொல்றேன். ஆனா என் வாயைத் திறந்து பாக்க எவனையும் விடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மானேஜரே எழுந்து தம் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

தொட்டியில் அல்லாமல் கண்ட இடத்தில் துப்புவதைத் தொழிற்சாலைச் சட்டம் முன்பே தடுத்திருக்கிறது, தொட்டி வைப்பது முதலாளியின் கடமை என்றார் அதிகாரி. சான்று பெறாத விதியைக் காட்டி யாரையும் வாசலில் திருப்பக் கூடாது என்றும் சொன்னார். பிறகு வந்த நிலையாணையில், பீடி, சுருட்டு, தீப்பெட்டி ஆலைக்குள்ளும் லாரியிலும் கூடவே கூடாது என்பது நிலைத்தது. புகைக்க, காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கொட்டகை. வாயில் போடும் புகையிலைக்குத் தடை நீங்கியது. வாய்ச் சோதனை ஒழிந்தது.

வெள்ளையம்மாள் மறுபடி வேலைக்குப் போன காலையில் சின்னையா வாசலில் எழுந்து நின்றார். பெண்கள் வரிசையாக, தலை நிமிர்ந்து போனார்கள். அந்த நடையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

மத்தியானம் காளியாயி வெற்றிலைப் பையை நீட்டினாள். வெள்ளையம்மாள் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்று விழுங்கியதிலிருந்து புகையிலை வாசனையே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி, விடறதா இருந்தா இத்தனை சண்டை எதுக்குடி?"

"அவங்க விடச் சொன்னப்ப நான் விடலையே" என்றாள் வெள்ளையம்மாள். "இது நானா விட்டது."