முகவரி மாறிய உரிமம்

அபிதகுஜாம்பாளுக்கு அந்த ஆண்டு ஐம்பத்தொரு வயது. காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை. சேர வரும் பிள்ளைகள் கொண்டுவரும் மதிப்பெண் சான்றிதழ்கள் அசலா, போலியா என்று பார்ப்பதுதான் முக்கியமான பொறுப்பு. அவர் சந்தேகப்பட்டு எடுத்து வைக்கும் சான்றிதழ் போர்டு அலுவலகத்துக்குப் போய் 'அப்படி ஒரு எண்ணே கிடையாது' என்று திரும்பி வரும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "தெரிஞ்சுது" என்பார். அதற்கு மேல் அவருக்கே சொல்லத் தெரியாது.

2007 பிப்ரவரியில் அவர் கணவர் வைத்தீஸ்வரன் தாம்பரம் ரயில் நிலையத்தில் படியேறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மகள் சின்மயிக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருந்தது. வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடுவதுதான் நல்லது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி ஆவணியில் நாள் குறித்தார்கள். அபிதகுஜாம்பாள் சரி என்றார். யார் எது சொன்னாலும் அந்த நாட்களில் அவர் சரி என்றுதான் சொன்னார். சாப்பிட்டார், வேலைக்குப் போனார், திரும்பினார். அழவில்லை. பஞ்சால் சுற்றி வைத்தது போல இருந்தது எல்லாம்.

நகை வாங்குவது பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் மகேஷ் கடை இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது. மகேஷ் வைத்தீஸ்வரனோடு தினமும் காலையில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்பவர். பாடை தூக்கிய நால்வரில் ஒருவர். காரியம் முடியும்வரை பதின்மூன்று நாளும் வந்து நின்றவர்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். நாற்பது சவரன் எடுக்க வேண்டும். மகேஷே எழுந்து வந்து உட்காரவைத்தார்.

"அக்கா, நீங்க எதுவும் அலைய வேணாம். டிசைனை மட்டும் சின்மயி பார்க்கட்டும். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

சின்மயி ஆரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபிதகுஜாம்பாள் ஒரு வளையலை எடுத்துத் திருப்பினார். உட்பக்கம் சின்னதாக ஒரு முக்கோணம், அதன் பக்கத்தில் 916. அவ்வளவுதான். கல்லூரியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி போன வருடம் நகை எடுத்தபோது சொன்னது ஞாபகம் வந்தது: ஹால்மார்க் என்றால் ஐந்து குறி இருக்க வேண்டும். முக்கோணம், 916, சோதித்த மையத்தின் குறி, வருடத்துக்கான எழுத்து, கடையின் குறி.

"மகேஷ், இதுல மீதி மூணு எங்க?"

"எந்த மூணு அக்கா?"

"சோதனை மையம், வருஷம், கடை."

மகேஷ் சிரித்தார். "அதெல்லாம் பெரிய கடைக்காரங்க விளம்பரத்துக்குப் போடறது. நம்ம கிட்ட லைசென்ஸ் இருக்கு, பாருங்க." கல்லாவுக்கு மேலே சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு தாள்கள். ஒன்று நகராட்சியின் தொழில் உரிமம். இன்னொன்று ஹால்மார்க் விற்பனைக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் கொடுத்த உரிமம்.

அபிதகுஜாம்பாள் எழுந்து போய் அதன் முன் நின்றார். இரண்டாவது தாள் ஜெராக்ஸ். கடையின் பெயர், உரிம எண், தேதி எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. முகவரி மட்டும் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. எழுத்தும் கொஞ்சம் தடிமன். தினமும் பார்க்கிற விஷயம் அது. வேறு பெயரை ஒட்டி ஜெராக்ஸ் எடுக்கிற பிள்ளைகள் இப்படித்தான் எடுப்பார்கள்.

கைப்பையிலிருந்து பேனா எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் இரண்டு உரிமங்களின் எண்ணையும் எழுதிக்கொண்டார்.

"என்னக்கா எழுதறீங்க?"

"நம்பர்."

சின்மயிக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும், "அம்மா, அவர் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர். அவர் முன்னாடி இப்படியா நின்னு எழுதுவ?" என்றாள்.

மற்ற நாளாக இருந்தால் அபிதகுஜாம்பாளே கூசிப்போயிருப்பார். இப்போது கூச்சம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. "செக் பண்ணிட்டு வாங்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து மேற்குத் தாம்பரத்தில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். தொழில் உரிமம் பார்க்கும் மேசையில் வேதசிரோமணி என்ற எழுத்தர் இருந்தார். எண்ணைக் கேட்டார், பதிவேட்டைப் புரட்டினார், விரலை ஓட்டினார்.

"இருக்குதும்மா. இதே பேரு, இதே தெரு, இதே கதவு எண். நகைக்கடைன்னுதான் போட்டிருக்கு. வர்ற மார்ச் வரைக்கும் புதுப்பிச்சிருக்காங்க. ஒரு குறையும் இல்ல."

"அப்ப வாங்கலாமா?"

வேதசிரோமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது அந்த இடத்துல கடை நடத்த நாங்க குடுக்கற அனுமதி. உள்ள விக்கிற தங்கம் எப்படின்னு இந்தப் புஸ்தகத்துல இருக்காதும்மா. அதுக்கு நீங்க தரமணி போகணும்."

அடுத்த நாள் வேளச்சேரிக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தரமணியில் தர நிர்ணய அமைவன அலுவலகத்தில் ஹால்மார்க் பிரிவு எது என்று விசாரித்து ஒரு பெண் அதிகாரியின் முன் போய் உட்கார்ந்தார். பஸ் டிக்கெட்டை நீட்டினார். அந்த அம்மாள் கணிப்பொறியில் எண்ணை அடித்து, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"எந்தக் கடைன்னு சொன்னீங்க?"

"கிழக்குத் தாம்பரம்."

"இந்த எண் அசல்தான். ஆனா செங்கல்பட்டுல ஒரு கடைக்குக் கொடுத்தது. மூணு வருஷத்துக்குத் தருவோம். அதுவும் போன வருஷம் முடிஞ்சுது. அவங்க புதுப்பிக்கல."

"ஒரே முதலாளியா இருந்தா?"

"ஒரே முதலாளியா இருந்தாலும் ஒவ்வொரு கடைக்கும் தனியா வாங்கணும். உரிமம் அந்த முகவரிக்குத்தான்." அதிகாரி ஏறிட்டுப் பார்த்தார். "எழுதிக் கொடுங்க. நாங்க போய்ப் பார்க்கிறோம்."

அபிதகுஜாம்பாள் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "நாளைக்கு வரேன்" என்று எழுந்துவிட்டார்.

செங்கல்பட்டுக் கடை மகேஷின் மாமனாருடையது என்பது அவருக்குத் தெரியும். அந்த மாமனார் உயிரோடு இருந்தபோது தீபாவளிக்கு ஒரு தடவை வைத்தீஸ்வரனும் அங்கே போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். 2004-இல் கல்யாண நாள் வெள்ளி விழாவுக்கு வைத்தீஸ்வரன் வாங்கிக் கொடுத்த நான்கு வளையல்கள். மகேஷ் கடையில் வாங்கியவை. கணவர் போன பிறகு அவற்றைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே 916 என்ற எண்ணும் கடையின் எழுத்தும் மட்டும் இருந்தன.

நகையைச் சோதிக்கும் அங்கீகார மையத்தில் சொந்த நகையையும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம் என்று தரமணியிலேயே சொல்லியிருந்தார்கள். தி.நகரில் ஒரு மாடியில் இருந்தது அந்த மையம். முதலில் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஒன்றிலிருந்து கொஞ்சம் வெட்டி உருக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் மாலை அறிக்கை கைக்கு வந்தது. ஆயிரம் பங்குக்கு 916 பங்கு தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் எழுநூற்றுத் தொண்ணூறு. இருபத்திரண்டு காரட் என்று வாங்கியது பத்தொன்பதுக்கும் ஒரு இழை குறைவு.

மாடிப்படியில் இறங்கும்போது, இதை வைத்தீஸ்வரனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். மகேஷைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் கோபப்படுவார். சாப்பிட்ட பிறகு, சாயங்காலம், மெதுவாக... மூன்று படி அப்படியே யோசித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான்காவது படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து ஏறி வந்த ஒருவர், "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டி, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பஸ் வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை தரமணிக்குப் போய் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். உரிம எண், முகவரி வித்தியாசம், வளையல் வாங்கிய பில்லின் நகல், மையத்தின் அறிக்கை. அதில் ஒரு இடத்திலும் நண்பர் என்ற சொல் இல்லை.

மூன்று வாரம் கழித்து அதிகாரிகள் கடைக்கு வந்து, பொய்க் குறி போட்ட நகைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வைத்தீஸ்வரனின் தங்கை போன் செய்து, "மன்னி, உங்களுக்கு மனசே இல்லையா?" என்று கேட்டாள். "தெரியலை" என்றார் அபிதகுஜாம்பாள். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகேஷ் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். அபிதகுஜாம்பாள் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சின்மயி கல்யாணத்துக்கு நல்ல சரக்குதான் தந்திருப்பேன்கா. சாமி சத்தியமா. உங்ககிட்டப் போய் ஏமாத்துவேனா?"

அபிதகுஜாம்பாள் உள்ளே போய் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். மகேஷ் படித்தார். எந்த வளையல் என்று கேட்கவில்லை.

"மாமனார் அனுப்பின சரக்கு அது. எனக்கே அப்புறம்தான் தெரியும்."

"அப்புறம்னா எப்போ?"

மகேஷ் அறிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அண்ணன் இருந்திருந்தா இப்படி எழுதிக் கொடுத்திருப்பாரா?" என்றார்.

"இருந்திருந்தா உங்க கிட்டயே நாற்பது சவரனும் வாங்கியிருப்பார்."

மகேஷ் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அபிதகுஜாம்பாள் போய் அடுப்பை அணைத்தார்.

நகையை தி.நகரில் எடுத்தார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கடையின் உரிம எண்ணைத் தரமணிக்குப் போன் செய்து சரிபார்த்தாயிற்று. முகவரி பொருந்தியது, தேதி இருந்தது. விற்பனைப் பெண்ணிடம் பூதக்கண்ணாடி கேட்டார். கொடுத்தாள். இருபத்தியாறு உருப்படிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து குறிகள், அந்த வருடத்துக்கான 'எச்' எழுத்து உட்பட. ஒரு கம்மலில் மட்டும் மையத்தின் குறி தெளிவாக இல்லை. அதை மாற்றச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. சின்மயி இந்த முறை கூச்சப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து முடித்ததை ஒவ்வொன்றாக வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கினாள்.

"உனக்கு இந்த ஆரம் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள்.

அபிதகுஜாம்பாள் ஆரத்தைப் பார்த்தார். அதன் முத்திரை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். அழகாக இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.

"உனக்குப் பிடிச்சா போதும்" என்றார். பில்லில் காரட்டும் எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மகேஷ் வரவில்லை. கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அபிதகுஜாம்பாள் வேலைக்குப் போனார். மேசையில் புதுச் சேர்க்கைச் சான்றிதழ்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்திருந்தன. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு, மேலே இருந்ததை எடுத்தார்.